ஒரு பூக்கடைப் படம், 144 கட்டங்கள்: ஸ்லைடுக்கு மங்கல் வண்ணப் பின்னணி செய்யும் முறை

ஸ்லைடுக்குப் பின்னால் வண்ணங்கள் மெல்லக் கலந்து நிற்கும் மங்கலான பின்னணியைச் செய்வது, படத்தைத் திறந்து மங்கலாக்கும் ஃபில்டரை உச்சத்துக்கு இழுத்துவிடும் வேலை என்று பலரும் நினைக்கிறார்கள். இழுத்துப் பார்த்தால் பத்தில் எட்டுப் படங்கள் சேற்று நிறமாகத்தான் வரும். மீதி இரண்டு அழகாக இருக்கும், ஆனால் அவற்றின் மேல் எழுத்து நிற்காது. மங்கலாக்குவது கடைசி நிமிட வேலை. எந்த நிறம் எந்த இடத்தில், எந்த நிறத்துக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும் என்று முடிவு செய்வதில்தான் நேரம் போகிறது. அந்த முடிவை எளிதாக எடுக்க, படத்தை 16-க்கு 9 என்று 144 கட்டங்களாகச் சுருக்கி, கட்டங்களைக் கையால் திருத்தி, பிறகு பெரிதாக்குவது என் வழக்கம். அதைத்தான் இங்கே சொல்லப்போகிறேன்.

ஏப்ரல் மாதத் தமிழ்மொழி விழா நெருங்கும்போது சிங்கப்பூரில் ஸ்லைடு செய்யும் தொண்டூழியர்கள் நிறைய. அவர்களை மனத்தில் வைத்து, காசு கொடுத்து வாங்க வேண்டாத ஜிம்ப் மென்பொருளில் படிகளைச் சொல்கிறேன். வேறு மென்பொருள் வைத்திருப்பவர்களுக்கும் முறை ஒன்றுதான், மெனுப் பெயர்கள் மட்டும் மாறும். மெனுப் பெயர்களைத் திரையில் தெரிகிறபடியே தந்திருக்கிறேன்.

எந்தப் படம்

எடுத்துக்காட்டாக எடுத்துக்கொள்வது, லிட்டில் இந்தியாவில் பஃபலோ ரோடு ஓரத்துப் பூக்கடை ஒன்றைக் கைத்தொலைபேசியில் எடுத்த படம். செண்டுமல்லிச் சரங்கள் ஆரஞ்சும் மஞ்சளுமாகத் தொங்குகின்றன. கீழே தட்டில் அடர்சிவப்பு ரோஜா. ஒரு பக்கம் வாழையிலைக் கட்டு, நடுவில் மல்லிகைப் பந்துகள், மேலே குழல்விளக்கு. இதில் நல்லதும் இருக்கிறது, தொல்லையும் இருக்கிறது. அதனால்தான் இதை எடுத்தேன்.

மங்கிய பிறகு படத்தில் மிஞ்சுவது பொருள்கள் அல்ல, நிறத்திட்டுகளின் சராசரி. ஆகவே ஒரே நிறம் பெரிய திட்டாக இருக்கும் படம் வேண்டும். கெர்பாவ் ரோட்டில் 1900-இல் கட்டப்பட்ட டான் தெங் நியா வீட்டை எல்லாரும் படம் எடுத்து வைத்திருப்பார்கள். வண்ணமயமான பின்னணிக்கு அதைவிடப் பொருத்தமான படம் இருக்காது என்று தோன்றும். ஆனால் அந்த வீட்டில் ஒவ்வொரு சன்னல் பலகையும் ஒவ்வொரு நிறம். சிவப்பு, பச்சை, நீலம், மஞ்சள் எல்லாம் ஒரு சாண் இடைவெளியில் நெருங்கி நிற்பதால், மங்கலாக்கினால் எல்லாம் ஒன்றோடொன்று கலந்து சாம்பல் தட்டிவிடும். நிறம் அதிகமுள்ள படம் வேறு, நிறம் தாங்கும் படம் வேறு. சோதிக்க எளிய வழி ஒன்று உண்டு: தொலைபேசியின் படத்தொகுப்பில் அந்தப் படம் மிகச் சிறியதாகத் தெரியும் நிலையில் கண்ணைப் பாதி மூடிப் பாருங்கள். நாலைந்து நிறங்களைத் தனித்தனியே சொல்ல முடிந்தால் படம் தேறும். 'ஏதோ பழுப்பு' என்று தோன்றினால் விட்டுவிடலாம்.

படம் தெளிவாக இருக்க வேண்டிய தேவையே இல்லை. கை ஆடிப் பாழான படம், குவியம் தவறிய படம் எல்லாம் இதற்குப் பயன்படும். ஒன்றே ஒன்றுதான் கூடாது: வெளிச்சம் அதிகமாகி வெள்ளையாய்ப் போன பரப்பு. அங்கே நிறத் தகவலே இல்லை, எதைச் செய்தாலும் திரும்ப வராது.

வெட்டுதல்

தொலைபேசிப் படம் பெரும்பாலும் 4-க்கு 3 விகிதம். ஸ்லைடு 16-க்கு 9. ஜிம்பில் படத்தைத் திறந்து, Shift + C அழுத்தி வெட்டும் கருவியை எடுத்து, அதன் அமைப்பில் Fixed என்பதை Aspect ratio என்று வைத்து 16:9 என்று தட்டுங்கள்.

எங்கே வெட்டுவது என்பது எழுத்து எங்கே வரப்போகிறது என்பதைப் பொறுத்தது. தமிழ் இடமிருந்து வலம் ஓடுவதால் தலைப்பும் குறிப்புகளும் பெரும்பாலும் இடப்பக்கம்தான் நிற்கும். அதனால் படத்தின் இருண்ட, அமைதியான பகுதி இடப்பக்கம் வரும்படி வெட்டுகிறேன். நம் படத்தில் ரோஜாத் தட்டு வலப்பக்கம் கிடக்கிறது. Image > Transform > Flip Horizontally கொடுத்தால் இடப்பக்கம் வந்துவிடும். கடைப்பலகை திரும்பியிருக்கிறதே என்று கவலைப்பட வேண்டாம், இன்னும் ஐந்து நிமிடத்தில் பலகையே இருக்காது.

வெட்டியதும் Image > Scale Image போய் அகலம் 1920, உயரம் 1080 ஆக்குங்கள். பிறகு, மறக்கக் கூடாத ஒன்று: Image > Precision போய் 32-bit floating point என்பதைத் தேர்ந்தெடுங்கள். இதற்கான காரணம் பின்னால் வரும். இப்போது செய்யாமல் கடைசியில் செய்தால் பயன் இல்லை.

144 கட்டங்கள்

Filters > Blur > Pixelize திறந்து Block width 120, Block height 120 என்று கொடுங்கள். 1920-ஐ 120-ஆல் வகுத்தால் 16. 1080-ஐ 120-ஆல் வகுத்தால் 9. ஒவ்வொரு கட்டமும் தன் பரப்பின் சராசரி நிறத்தை எடுத்துக்கொள்ளும். அடுத்து மறுபடியும் Scale Image. இம்முறை அகலம் 16, உயரம் 9, Interpolation என்பது None. None முக்கியம். வேறு எதைக் கொடுத்தாலும் பக்கத்துக் கட்டங்கள் ஒன்றில் ஒன்று கசியும்.

இப்போது படம் எறும்பளவு. திரை நிறையும் வரை பெரிதாக்கிப் பாருங்கள். பூக்கடை போய்விட்டது, 144 சதுரங்கள் இருக்கின்றன. வெறும் மங்கலாக்கலில் என்ன கிடைத்திருக்கும் என்பதை இந்தச் சதுரங்கள் ஒளிவுமறைவில்லாமல் காட்டும்.

நம் படத்தில் மூன்று கோளாறுகள் தெரிகின்றன. முதலாவது, மேல்வரிசையில் குழல்விளக்கு விழுந்த நான்கு கட்டங்கள் வெளிறிக் கிடக்கின்றன. இரண்டாவது, மல்லிகைப் பந்துகள் இருந்த இடமெல்லாம் பால் கலந்தாற்போல ஒரு வெளுப்பு. வெள்ளை என்பது எந்த நிறத்தோடு சேர்ந்தாலும் அதன் அடர்த்தியைக் குறைக்கும். படத்தில் மல்லிகை அழகு, சராசரியில் அது தொல்லை. மூன்றாவதுதான் பெரியது: ரோஜாவும் வாழையிலையும் தொட்டுக்கொண்டிருந்த இடத்தில் கட்டங்கள் பழுப்பாக இருக்கின்றன.

இந்தப் பழுப்பு எங்கிருந்து வந்தது? ரோஜாவின் சிவப்பை எண்ணில் சொன்னால் சிவப்பு 150, பச்சை 30, நீலம் 55 என்று வைத்துக்கொள்வோம். வாழையிலை 60, 110, 50. இரண்டையும் சம அளவில் கலந்தால் ஏறத்தாழ 105, 70, 53 வரும். மூன்று எண்களும் நெருங்கி வந்துவிட்டதைப் பாருங்கள். எண்கள் எவ்வளவு நெருங்குகின்றனவோ, நிறம் அவ்வளவு சாம்பலை நோக்கிப் போகும். வண்ணச் சக்கரத்தில் எதிரெதிராக உட்கார்ந்திருக்கும் நிறங்கள் கலக்கும்போதெல்லாம் இதுதான் நடக்கும். சிவப்போடு பச்சை, ஆரஞ்சோடு நீலம், மஞ்சளோடு ஊதா. ஈஸ்ட் கோஸ்ட் கடற்கரையில் எடுத்த மாலைவானப் படத்தை மங்கலாக்கினால் ஆரஞ்சுக்கும் நீலத்துக்கும் நடுவே ஓர் அழுக்குப் பட்டை வருவதும் இதனால்தான்.

மருந்தும் அந்தச் சக்கரத்திலேயே இருக்கிறது. சிவப்பிலிருந்து பச்சைக்கு நேரே தாவாமல், சக்கரத்தின் ஓரமாகவே நடந்து போகலாம்: சிவப்பு, ஆரஞ்சு, மஞ்சள், பச்சை. பக்கத்துப் பக்கத்து நிறங்கள் கலந்தால் சேறு வராது. நல்ல வேளையாக இந்தப் படத்தில் செண்டுமல்லி இருக்கிறது. ஆரஞ்சும் மஞ்சளும் அதில் கிடைக்கும். ரோஜாவுக்கும் இலைக்கும் நடுவில் செண்டுமல்லியைக் கொண்டுவந்து வைத்தால் போதும். மாலை கட்டுபவர் எந்தப் பூவுக்கு அடுத்து எந்தப் பூ என்று வரிசை பார்ப்பதைப் போன்ற வேலைதான் இது.

கட்டங்களைத் திருத்துதல்

N அழுத்தி பென்சில் கருவியை எடுங்கள். அளவு 1 பிக்சல். Ctrl விசையை அழுத்திக்கொண்டு ஒரு கட்டத்தைத் தட்டினால் அதன் நிறம் பென்சிலுக்கு வரும். விசையை விட்டுவிட்டு வேறொரு கட்டத்தைத் தட்டினால் அந்த நிறம் அங்கே போய் உட்காரும். தூரிகை வேண்டாம். அதன் ஓரம் மங்கலாக இருப்பதால் பக்கத்துக் கட்டமும் கறைபடும்.

எல்லா நிறமும் படத்திலிருந்தே வர வேண்டும் என்பது நான் வைத்திருக்கும் விதி. வண்ணப்பலகையிலிருந்து புதிதாக ஒரு நிறத்தை எடுத்துப் போட்டால் அது தனியாகத் துருத்திக்கொண்டு நிற்கும். ஒரே வெளிச்சத்தில் எடுத்த படத்தின் நிறங்களுக்கு நடுவே ஓர் உறவு இருக்கிறது. அதைக் கெடுக்காமல் இடத்தை மட்டும் மாற்றுகிறேன்.

நம் படத்துக்கு இப்படிச் செய்தேன். இடப்பக்கம் எட்டு நிரல்களுக்கு ரோஜாவின் அடர்சிவப்பு. படத்தில் நிழலில் கிடந்த ரோஜாக் கட்டங்கள் 120, 24, 48 என்ற அளவில் இருந்தன. அவற்றையே பெருக்கிக்கொண்டேன். எட்டு நிரலும் ஒரே நிறமாக இருந்தால் தட்டையாகத் தெரியும். அதனால் கீழ்மூலையை நோக்கிப் போகப்போக இன்னும் இருண்ட கட்டங்களை, 88, 16, 44 என்ற அளவில் உள்ளவற்றை, ஒழுங்கில்லாமல் தூவினேன். ஒழுங்கு இருக்கக் கூடாது என்பதைக் கவனியுங்கள். நேர்க்கோடாக வைத்தால் பின்னால் அது பட்டையாகத் தெரியும்.

ஒன்பதாவது, பத்தாவது நிரல்களில் கொஞ்சம் வெளிச்சமான ரோஜாவும் செண்டுமல்லியின் நிழலும். பதினொன்றிலிருந்து பதினான்கு வரை ஆரஞ்சு மெல்ல மஞ்சளாக மாறுகிறது. கடைசி இரண்டு நிரல்களில், அதுவும் கீழ்ப்பாதியில் மட்டும், வாழையிலைப் பச்சை. குழல்விளக்குக் கட்டங்களை அவற்றின் கீழ்வீட்டுக் கட்டங்களின் நிறத்தால் மூடினேன். மல்லிகைக் கட்டங்களில் ஒன்றே ஒன்றை வலப்பக்க மேல்மூலையில் விட்டுவைத்தேன். அங்கே ஒரு வெளிச்சம் விழுவதுபோல அது வேலை செய்யும்.

இந்த 16-க்கு 9 படத்தை .xcf கோப்பாகத் தனியே சேமித்துவையுங்கள். பின்னால் தலைப்பு ஸ்லைடுக்கு ஒன்று, பகுதி பிரிக்கும் ஸ்லைடுக்கு ஒன்று என்று மாற்றுவகை வேண்டும்போது, இதில் பத்துக் கட்டங்களை இடம் மாற்றினால் அதே குடும்பத்தைச் சேர்ந்த இன்னொரு பின்னணி கிடைத்துவிடும்.

எழுத்து நிற்குமா: பெரிதாக்கும் முன்பே பார்க்கலாம்

இது தமிழ் ஸ்லைடுக்குச் சற்றுக் கூடுதலாகவே முக்கியம். எழுத்து மறைந்தாலும் நம் பார்வையாளர்கள் பாதியை ஊகித்துக்கொள்வார்கள். புள்ளி மறைந்தால் ஊகிக்க முடியாது. 1920 பிக்சல் அகலத் திரையில் 24 பாயின்ட் எழுத்தின் உயரம் 48 பிக்சல். அதில் மெய்யெழுத்தின் புள்ளி எழுத்துருவைப் பொறுத்து ஐந்தாறு பிக்சல்தான் இருக்கும். எ-க்கும் ஏ-க்கும் உள்ள வேறுபாடு ஒரு சின்னக் கோடு. பின்னணி அந்த இடத்தில் சற்று வெளிறினாலே அது காணாமல் போய்விடும்.

எழுத்துக்கும் பின்னணிக்கும் உள்ள ஒளி வேறுபாட்டை விகிதமாகச் சொல்வார்கள். இணையத்தள அணுகல்தன்மைக்கான டபிள்யூசிஏஜி நெறிமுறை சாதாரண எழுத்துக்குக் குறைந்தது 4.5-க்கு 1 கேட்கிறது. உயர்நிலைக்கு 7-க்கு 1. அது திரையைக் கண்ணெதிரே வைத்துப் படிப்பவர்களை நினைத்து எழுதப்பட்டது. சமூக மன்றத்துக் கூடத்தில் விளக்கை அணைக்காமல் புரொஜெக்டர் போடும்போது, கூடத்து வெளிச்சம் திரையின் கறுப்பையே சாம்பலாக்கிவிடும். அதனால் நான் 7-ஐத்தான் குறைந்த அளவாக வைத்துக்கொள்கிறேன்.

கணக்குப் போடத் தேவையில்லை. படத்தை ஒரு படியெடுத்து, அந்தப் படியில் Colors > Desaturate > Desaturate போய் Mode என்பதை Luminance என்று வையுங்கள். கட்டங்கள் எல்லாம் சாம்பல் ஆகிவிடும். O அழுத்தி நிறமெடுக்கும் கருவியால் எழுத்து வரவிருக்கும் பகுதியில் மிக வெளிச்சமான கட்டத்தைத் தட்டி எண்ணைப் பாருங்கள். எண்கள் 0 முதல் 255 வரையிலான அளவில் காட்டும்படி வைத்துக்கொள்ளுங்கள். வெள்ளை எழுத்து என்றால், அந்த எண் 118-க்குள் இருந்தால் 4.5 கிடைக்கும். 89-க்குள் இருந்தால் 7 கிடைக்கும். இந்த இரண்டு எண்களை நினைவில் வைத்தால் போதும்.

நம் ரோஜாக் கட்டம் 120, 24, 48. வெள்ளை எழுத்தோடு அதன் விகிதம் பத்தரைக்கு மேல் வருகிறது. தாராளம். செண்டுமல்லிக் கட்டம் 226, 148, 40. அதன் மேல் வெள்ளை எழுத்தின் விகிதம் 2.5 கூட இல்லை. பார்த்தால் பளிச்சென்ற அடர்நிறம், வெள்ளை எடுபடும் என்றுதான் கண் சொல்லும். ஆனால் ஒளியைப் பொறுத்தவரை ஆரஞ்சும் மஞ்சளும் வெள்ளைக்கு நெருங்கிய உறவு. அதே ஆரஞ்சின் மேல் கறுப்பு எழுத்தை வைத்தால் விகிதம் 8.5.

'அப்படியென்றால் ஆரஞ்சை இருட்டாக்கிவிடலாமே' என்று தோன்றும். பலரும் செய்வது அதுதான். படம் முழுவதன் மேலும் ஒரு கறுப்புத் திரையைப் போட்டுவிடுவார்கள். செண்டுமல்லியின் எண்களைப் பாதியாக்கினால் 113, 74, 20. வெள்ளை எழுத்தின் விகிதம் 7.8 ஆகிவிடும், கணக்குத் தேறிவிடும். ஆனால் நிறத்தைப் பாருங்கள்: அது ஆரஞ்சு இல்லை, பழுப்பு. இருட்டாக்கிய ஆரஞ்சைத்தான் நாம் பழுப்பு என்கிறோம். சிவப்பு, நீலம், ஊதா, பச்சை இவை இருண்டாலும் தம் பெயரை வைத்துக்கொள்ளும். ஆரஞ்சும் மஞ்சளும் வைத்துக்கொள்ளாது. ஆகவே செண்டுமல்லியை இருட்டாக்குவதை விட்டுவிட்டு, எழுத்து வராத இடத்துக்கு அதை அனுப்பிவிடுவதே நல்லது. கட்டங்களை அப்படி அடுக்கியதன் காரணம் இதுதான். விகிதம் எழுத்து நிற்கும் இடத்தில் மட்டும் இருந்தால் போதும், படம் முழுவதும் இருக்க வேண்டியதில்லை.

படம் முழுக்க மஞ்சளாக இருந்து வேறு வழியே இல்லையென்றால், வெளிச்சப் பின்னணியாகவே வைத்துக்கொண்டு கறுப்புக்கு நெருங்கிய அடர்நிற எழுத்தைப் பயன்படுத்துங்கள். கூன் செங் ரோட்டு வெளிர்நிறக் கடைவீடுகளின் படத்துக்கும் அதுவே சரி.

பெரிதாக்கி மங்கலாக்குதல்

Scale Image மறுபடியும். 1920-க்கு 1080, Interpolation இம்முறை Cubic. கட்டங்கள் ஒன்றோடொன்று உருகும். ஆனாலும் கட்டங்கள் இருந்த இடத்தில் வைர வடிவில் ஒரு வலைப்பின்னல் லேசாகத் தெரியும். அதைப் போக்க Filters > Blur > Gaussian Blur. Size X, Size Y இரண்டும் 80. நாற்பதுக்குக் கீழே போனால் வலை மிஞ்சும். இருநூறுக்கு மேல் போனால் பாடுபட்டு அடுக்கிய நிறங்கள் மறுபடி ஒன்றாகக் கலந்து வெளுத்துவிடும்.

அதே பெட்டியில் Abyss policy என்று ஒன்று இருக்கும். படத்தின் விளிம்புக்கு வெளியே என்ன இருப்பதாக வைத்துக் கணக்கிடுவது என்பதை அது முடிவு செய்கிறது. அது Clamp என்று இருக்கட்டும். None என்றிருந்தால் வெளியே ஒன்றுமில்லை என்று எடுத்துக்கொண்டு, நாலு ஓரத்தையும் மங்கிக் கரையச் செய்துவிடும். ஸ்லைடில் வைத்த பிறகு ஓரமெல்லாம் ஒரு சட்டம் போட்டதுபோலத் தெரிந்தால் காரணம் இதுதான்.

80 அளவு மங்கல் என்றால் ஒரு நிறம் ஏறக்குறைய ஒன்றரைக் கட்டம் வரை பக்கத்தில் கசியும். நம் ரோஜாவும் செண்டுமல்லியும் சரிபாதியாகக் கலக்கும் இடத்தில் வெள்ளை எழுத்தின் விகிதம் 4-க்கும் 5-க்கும் இடையில்தான் இருக்கும். அதனால் ஸ்லைடில் எழுத்துப் பெட்டி எட்டாவது நிரலோடு, அதாவது அகலத்தின் பாதியோடு, முடிய வேண்டும். இன்னும் இடம் வேண்டுமென்றால் .xcf கோப்புக்குத் திரும்பிப் போய் செண்டுமல்லியை இரண்டு நிரல் வலப்பக்கம் தள்ளுங்கள். எழுத்துக்குப் பின்னால் நிழலோ பாதி ஒளிபுகும் பெட்டியோ போட்டு ஒப்பேற்றினால், பின்னணி செய்ததே வீண்.

பட்டைகள்

மடிக்கணினித் திரையில் வழுவழுப்பாக இருந்த பின்னணி, கூடத்துத் திரையில் படிக்கட்டுபோலப் பட்டை பட்டையாகத் தெரிவதைப் பார்த்திருப்பீர்கள். புரொஜெக்டரின் குற்றம் என்று சொல்லிவிடுவோம். படத்திலேயே அது இருக்கிறது, பெரிய திரை காட்டிக்கொடுக்கிறது.

சாதாரணப் படக் கோப்பில் ஒவ்வொரு நிறத்துக்கும் 256 படிகள்தான். நம் பின்னணியின் இடப்பக்கத்தில் சிவப்பு மேலே 120, கீழே 88. அந்த 1080 பிக்சல் உயரத்தைக் கடக்க 32 படிகள்தான் இருக்கின்றன. ஒவ்வொரு படியும் 34 பிக்சல் அகலப் பட்டை. சாதாரணப் படத்தில் கோடும் புள்ளியும் நிறைய இருப்பதால் இது தெரியாது. எல்லாவற்றையும் துடைத்துவிட்ட மங்கல் பின்னணியில் கண்ணுக்கு வேறு வேலை இல்லை, பட்டையைக் கண்டுபிடித்துவிடும்.

தொடக்கத்திலேயே 32-bit ஆக்கியது இதற்காகத்தான். அந்த நிலையில் ஜிம்ப் இடைப்பட்ட அளவுகளையும் துல்லியமாகக் கணக்கில் வைத்திருக்கும். ஆனால் கடைசியில் ஸ்லைடுக்காகச் சேமிக்கும்போது 8-bit-க்கு வந்துதான் ஆக வேண்டும். அங்கே பட்டையை உடைக்க, சேமிக்கும் முன் மிக மெல்லிய மணற்குருணையைத் தூவ வேண்டும். Filters > Noise > RGB Noise திறந்து, Correlated noise, Independent RGB, Linear RGB மூன்றிலும் உள்ள குறியை எடுத்துவிட்டு, Red அளவை 0.01 என்று வையுங்கள். மற்ற இரண்டும் அதே அளவுக்கு வந்துவிடும். 256 படிகளில் இரண்டு மூன்று படி ஏறி இறங்கும் குருணைதான் அது. பட்டையின் விளிம்பில் பிக்சல்கள் முன்னும் பின்னும் சிதறுவதால் விளிம்பு கண்ணுக்குத் தெரியாமல் போகும். குருணையே தனியாகத் தெரிந்தால் அளவு அதிகம். Linear RGB குறியை எடுக்காமல் விட்டால் இருண்ட பகுதியில் குருணை மிகுந்துவிடும். நம் படத்தில் எழுத்து இருப்பதே இருண்ட பகுதியில்.

குருணை ஒரு பிக்சல் அளவில் இருப்பதும் புள்ளியை முன்னிட்டுத்தான். படத்தை 1280 அகலத்தில் செய்து 1920 திரையில் நீட்டினால் குருணையும் சேர்ந்து பெருக்கும். பெருத்த குருணை மெய்யெழுத்தின் புள்ளியோடு போட்டிபோடத் தொடங்கும்.

சேமித்து ஸ்லைடில் வைத்தல்

File > Export As கொடுத்து .png என்ற முடிவோடு சேமியுங்கள். அந்தப் பெட்டியில் நிற ஆழத்தைக் கேட்டால் 8bpc RGB. ஜேபெக் வேண்டாம். அது படத்தை எட்டுக்கு எட்டு பிக்சல் சதுரங்களாக வெட்டிச் சுருக்குகிறது. நீங்கள் தூவிய குருணையைத் தேவையற்றது என்று துடைத்துவிட்டு, பட்டையைத் திரும்பக் கொண்டுவரும், சதுரத் தடத்தையும் விட்டுவைக்கும். பிஎன்ஜி கோப்பு குருணையால் சில மெகாபைட் வரும். அதைக் கண்டு பயப்பட வேண்டியதில்லை. பவர்பாயின்ட்டில் சரியான இடத்தில் வைத்தால் ஒரு முறைதான் சேமிக்கப்படும்.

சரியான இடம் View > Slide Master. இடப்பக்கப் பட்டியலில் எல்லாவற்றுக்கும் மேலே இருக்கும் பெரிய ஸ்லைடைத் தேர்ந்தெடுத்து, Format Background திறந்து, Picture or texture fill வழியாகப் படத்தைக் கொடுங்கள். ஒவ்வொரு ஸ்லைடிலும் தனித்தனியே படமாகச் செருகினால், எழுத்தைத் திருத்தப் போகும்போதெல்லாம் பின்னணி கையோடு நகரும். நாலு பேர் மாறி மாறித் திருத்தும் விழா ஸ்லைடுகளில் அது பெருந்தொல்லை. இன்னொன்று: File > Options > Advanced பகுதியில் Image Size and Quality என்ற தலைப்பின் கீழ் Do not compress images in file என்பதற்குக் குறி போடுங்கள். போடாவிட்டால் சேமிக்கும்போது பவர்பாயின்ட் தன் விருப்பத்துக்குப் படத்தைச் சுருக்கக்கூடும்.

இப்போது ஒரு ஸ்லைடில் 'எண், ஏன், கொள், கோள்' என்று 24 பாயின்ட்டில் வெள்ளையாகத் தட்டி, முழுத்திரையில் போட்டு, அறையின் கடைசிச் சுவரிலிருந்து பாருங்கள். புள்ளியும் கொம்பும் பிரிந்து தெரிந்தால் பின்னணி தேறியது. தெரியவில்லையென்றால் முதலில் எழுத்துருவைப் பாருங்கள். மெல்லிய கோட்டு எழுத்துரு எந்தப் பின்னணியிலும் தோற்கும், தடித்த வகைக்கு மாற்றுங்கள்.

காணொளிச் சந்திப்பில் திரையைப் பகிரும்போது மட்டும் இந்தக் குருணை உதவாது. நேரலைக் காணொளியின் சுருக்கம் அதைத் துடைத்துவிடும், பட்டைகள் திரும்ப வரும். அதற்கென்று தனிப் படம் செய்வதாக இருந்தால், இடப்பக்கக் கட்டங்களில் 88-ஐயும் 120-ஐயும் கலந்து தூவாமல் எட்டு நிரலையும் ஒரே அடர்சிவப்பாக நிரப்பிவிடுங்கள். மாற்றமே இல்லாத இடத்தில் பட்டை விழாது. கொஞ்சம் தட்டையாகத் தெரியும், ஆனால் எழுத்து நிற்கும்.

இன்னும் சில இடங்களில் பழைய 4-க்கு 3 திரைகள் இருக்கின்றன. 16-க்கு 9 படத்தை அதில் வைத்தால் ஒன்று நெருக்கப்படும், அல்லது ஓரம் வெட்டுப்படும். நம் அடுக்கில் இரு ஓரமும் சமமாக வெட்டுப்பட்டால் போவது வாழையிலையும் ரோஜாவில் கால்பங்கும். சேமித்துவைத்த .xcf கோப்பைத் திறந்து, Image > Canvas Size வழியாக 12-க்கு 9 ஆக்கி, ரோஜாவுக்கு ஆறு நிரல், செண்டுமல்லிக்கு ஐந்து, பச்சைக்கு ஒன்று என்று மறுபடி அடுக்குங்கள். Canvas Size பெட்டியில் Resize layers என்பதை All layers என்று வைத்தால்தான் வெளியே போன நிரல்கள் உண்மையிலேயே வெட்டுப்படும். பெரிதாக்கும்போது 1440-க்கு 1080. கட்டம் அதே 120 பிக்சல்தான், ஆகவே மங்கல் அளவையும் குருணையையும் மாற்ற வேண்டாம்.